வாடை ஒன்று சொல்லும், அரிப்பு வேறொன்று சொல்லும்

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் மருந்துகளில் ஒன்று வெள்ளைப்படுதலுக்கான மாத்திரை. கடைக்காரரும் சங்கடத்தில் எதையும் விசாரிப்பதில்லை. ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். கொஞ்சம் தாராளமானவராக இருந்தால், மூன்று மருந்துகளை ஒரே அட்டையில் அடைத்த கிட்டை எடுத்துக் கொடுத்து, "இதுல எல்லாமே இருக்கு, ஒரே நாள்ல சாப்பிட்டுடுங்க" என்பார்.

ஃப்ளூகோனசோல் நல்ல மருந்துதான். ஆனால் அது கொல்வது பூஞ்சையை மட்டும். வெள்ளைப்படுதலில் கடும் வாடை இருந்து அரிப்பு இல்லையென்றால், அது பெரும்பாலும் பூஞ்சையே அல்ல. தவறான மாத்திரையை ஆறு மாதம் விழுங்கினாலும் அந்த வாடை போகாது. எது எது என்று பிரித்துப் பார்க்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு துண்டு பிஎச் தாள், இரண்டு ஸ்லைடு, ஒரு மைக்ராஸ்கோப், பத்து நிமிடம் போதும். வருத்தம் என்னவென்றால், இந்தப் பத்து நிமிடப் பரிசோதனை நம் ஊரில் பலருக்கும் செய்யப்படுவதே இல்லை.

முதலில், நோயே அல்லாத வெள்ளைப்படுதல். பருவமடைந்த பெண்ணின் பிறப்புறுப்பில் தினமும் சில மில்லிலிட்டர் திரவம் சுரப்பது இயல்பு. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில், சினைமுட்டை வெளிவரும் நாட்களில், அது தெளிவாகவும் வழவழப்பாகவும் இழுத்தால் நீளும்படியும் இருக்கும். மாதவிடாய் நெருங்கும்போது கெட்டியாக, வெண்மையாக மாறும். உள்ளாடையில் காய்ந்த பிறகு இளமஞ்சளாகத் தெரியும். கர்ப்ப காலத்தில் அளவு கூடும். இலேசான புளிப்பு வாடையும் இதன் இயல்புதான். அரிப்பும் எரிச்சலும் துர்நாற்றமும் இல்லாதவரை இதற்கு மருந்து தேவையில்லை.

ஆனால் "வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிப்போகும், உடம்பு இளைத்துவிடும்" என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உருகுவது எலும்பல்ல. கோவாவில் பெண்களிடையே நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளைப்படுதல் என்று சொல்லி வரும் பெண்களில் பலருக்குத் தொற்றைவிட மனச்சோர்வும் பதற்றமும் வீட்டுச் சூழலின் அழுத்தமும்தான் வலுவான தொடர்புடையவை என்று காட்டியது. உடம்பு அசதி, இடுப்பு வலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தைக்குள் வைத்துச் சொல்வது நம் பெண்களின் வழக்கம். அவர்களுக்குத் தேவை பூஞ்சை மாத்திரை அல்ல, உட்கார்ந்து கேட்கும் ஒரு மருத்துவர்.

இனி நோய்க்கு வருவோம். பிறப்புறுப்பின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனின் தூண்டுதலால் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேர்கிறது. அதை உண்டு வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-இல் இவற்றை விவரித்தார். இந்த அமிலத்தால் உள்ளே பிஎச் 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் நிற்கிறது. அந்தப் புளிப்பில் வெளியிலிருந்து வரும் பெரும்பாலான கிருமிகள் தலையெடுக்க முடியாது. கடும் வாடையுள்ள வெள்ளைப்படுதலில் பெரும்பாலும் முதலில் சரிவது இந்தப் புளிப்புதான். அதனால்தான் மருத்துவர் கையில் முதலில் பிஎச் தாள்.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள். மூன்று மாதமாக மெல்லிய, சாம்பல் நிறம் கலந்த வெள்ளைப்படுதல். மீன் கவுச்சி போன்ற வாடை. மாதவிடாய் முடிந்த கையோடும், கணவருடன் சேர்ந்த மறுநாளும் அது அதிகமாகிறது. அரிப்பு பெரிதாக இல்லை. கடையில் வாங்கிப் பூஞ்சை மாத்திரை இரண்டு முறை போட்டாயிற்று. வாடைக்குப் பயந்து தினமும் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளே வரை கழுவுகிறார். கழுவிய அன்று நன்றாக இருக்கிறது, இரண்டு நாளில் முன்பைவிட மோசமாகிறது.

மருத்துவர் ஸ்பெகுலம் வைத்துப் பார்க்கிறார். கருப்பை வாய் சுத்தமாக இருக்கிறது, சீழ் இல்லை. பிறப்புறுப்பின் பக்கச் சுவரில் பஞ்சுக்குச்சியால் கொஞ்சம் திரவத்தை எடுத்துப் பிஎச் தாளில் தொடுகிறார். பக்கச் சுவர் என்பது முக்கியம். கருப்பை வாயின் சளி இயல்பாகவே காரத்தன்மை கொண்டது, அதைத் தொட்டால் அளவு பொய் சொல்லும். தாள் ஐந்துக்கு மேல் காட்டுகிறது. புளிப்பு போய்விட்டது.

அடுத்து இரண்டு ஸ்லைடு. ஒன்றில் திரவத்துடன் ஒரு சொட்டு உப்புநீர். மற்றொன்றில் ஒரு சொட்டு பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். இந்த இரண்டாவது ஸ்லைடை விட்டவுடனே கவுச்சி வாடை மூக்கில் ஏறுகிறது. நோயாளி வீட்டில் உணர்ந்த வாடையும் இதே வேதியியல்தான். கிருமிகள் உண்டாக்கும் ட்ரைமெத்தில் அமின் போன்ற பொருட்கள் அமிலச் சூழலில் அடங்கிக் கிடக்கும், காரம் பட்டதும் ஆவியாக எழும். விந்துவும் மாதவிடாய் இரத்தமும் காரத்தன்மை கொண்டவை. உறவுக்குப் பிறகும் மாதவிடாயை ஒட்டியும் வாடை கூடுவது அதனால்தான். இறந்த மீனிலிருந்து வருவதும் இதே ட்ரைமெத்தில் அமின்தான், ஆகவே "மீன் வாடை" என்று பெண்கள் சொல்வது வெறும் உவமையல்ல.

உப்புநீர் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உட்சுவரிலிருந்து உதிர்ந்த தட்டையான செல்கள் தெரிகின்றன. இயல்பில் அவற்றின் ஓரம் கத்தரித்ததுபோல் தெளிவாக இருக்கும். இங்கே பல செல்களின் மேல் பாக்டீரியாக்கள் அப்பிக் கிடந்து ஓரமே மங்கிவிட்டது. இவற்றுக்குக் க்ளூ செல் என்று பெயர். மெல்லிய ஒரே சீரான வெள்ளைப்படுதல், 4.5-ஐத் தாண்டிய பிஎச், காரம் பட்டதும் எழும் வாடை, க்ளூ செல் ஆகிய நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. 1983-இல் ஆம்செல் என்பவரின் குழு வகுத்த இந்த அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. நோயின் பெயர் பாக்டீரியல் வஜைனோசிஸ். நல்ல பாக்டீரியா குறைந்து, கார்ட்னரெல்லா முதலான பல பாக்டீரியாக்கள் கூட்டமாகப் பெருகிய நிலை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வரும் துர்நாற்ற வெள்ளைப்படுதலுக்கு உலகெங்கும் இதுவே முதல் காரணம்.

மூன்று மாதக் கழுவல் என்ன செய்தது? நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போனது. மறுபடி வேகமாக வளர்ந்தது கெட்டதுதான். கிருமிநாசினி, வாசனைத் திரவம், வேப்பிலைத் தண்ணீர், எதுவானாலும் உள்ளே செலுத்திக் கழுவக் கூடாது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். "இன்டிமேட் வாஷ்" என்று அழகான பாட்டிலில் விற்பதும் இந்த நோயைக் குணப்படுத்தாது.

மருந்து மெட்ரோனிடசோல். 400 மில்லிகிராம் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். வாயில் உலோகச் சுவை தெரியும், குமட்டல் வரலாம், சிறுநீர் கொஞ்சம் கருக்கலாம். மூன்றாம் நாளே வாடை போய்விடுவதால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் தவறு. ஏழு நாளும் முழுதாகச் சாப்பிட்டவர்களுக்கே, ஓராண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது திரும்ப வருகிறது. பாக்டீரியாக்கள் உட்சுவரில் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு மருந்துக்குத் தப்பிவிடுவது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெகுகாலம் ஒதுக்கப்பட்டே இருந்தது. கணவர். "இது பால்வினை நோய் இல்லை, கணவருக்கு மருந்து வேண்டாம்" என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஆணுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளும் பலன் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு இதைப் புரட்டியது. அதில் ஆணுக்கு ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையுடன், ஆணுறுப்பின் மேல் தடவ க்ளிண்டமைசின் களிம்பும் கொடுத்தார்கள். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த குழுவில் பன்னிரண்டு வாரத்தில் நூற்றுக்கு 63 பேருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் கொடுத்த குழுவில் அது 35 ஆகக் குறைந்தது. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு இரண்டு மாதத்தில் மறுபடி வாடை வந்தால், கணவரையும் அழைத்து வரச் சொல்ல மருத்துவரிடம் இப்போது நல்ல காரணம் இருக்கிறது. இது யாரும் தவறு செய்தார்கள் என்பதற்கான சான்றல்ல. தம்பதிக்குள்ளேயே கிருமிகள் போய்வந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவே.

இப்போது அரிப்பு. வாடை இல்லை, ஆனால் உட்காரவிடாத அரிப்பு. வெளியுறுப்பு சிவந்து வீங்கியிருக்கிறது, சிறுநீர் பட்டால் எரிகிறது, வெள்ளைப்படுதல் தயிர்போலக் கட்டிகட்டியாக வருகிறது. இதுதான் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை. பிஎச் தாளை வைத்தால் 4.5-க்குக் கீழேயே காட்டும், ஏனென்றால் இதில் புளிப்பு கெடுவதில்லை. காரச் சொட்டு விட்ட அந்த இரண்டாவது ஸ்லைடில் மற்ற செல்கள் கரைந்துபோய், பூஞ்சையின் இழைகளும் மொட்டுகளும் மட்டும் தெளிவாக நிற்கும். கடை மாத்திரை வேலை செய்வது இந்த ஒன்றில்தான். கர்ப்பிணிகள் அதையும் எடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஃப்ளூகோனசோலைத் தவிர்த்து, க்ளோட்ரிமசோல் மாத்திரையை ஏழு நாள் உள்ளே வைக்கச் சொல்வதே வழக்கம்.

பூஞ்சைத் தொற்று ஏன் வந்தது என்று கேட்காமல் மருந்து கொடுத்தால் மறுபடி வரும். சளிக்கோ பல்வலிக்கோ சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் நல்ல பாக்டீரியாவை அழித்து இடம் விட்டிருக்கலாம். கட்டுப்படாத சர்க்கரை நோய் இருக்கலாம். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப அரிப்பு வந்தால், அது கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாக இருப்பதுண்டு. இரத்தச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அளவையும் பார்ப்பது கட்டாயம்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். டேபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும் பெயர் இருந்தால், அந்த மருந்து இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. சர்க்கரை கலந்த சிறுநீர் படும் இடத்தில் ஈஸ்ட் செழிக்கும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்வதால் இந்த மருந்துகள் இப்போது பரவலாக எழுதப்படுகின்றன. தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் சர்க்கரை மருத்துவரிடம் அரிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதும் சரியல்ல. மகப்பேறு மருத்துவரிடம் அரிப்பை மட்டும் சொல்லி, சர்க்கரை மருத்துவரிடம் சர்க்கரையை மட்டும் சொல்வதால், இரண்டுக்கும் உள்ள முடிச்சு அவிழாமலே போகிறது. இந்த மருந்து எடுக்கும் ஆண்களுக்கும் முன்தோலில் இதே அரிப்பு வரும்.

மூன்றாவது, நிறம். பச்சை கலந்த மஞ்சள், சில நேரம் நுரை, வாடையும் உண்டு, அரிப்பும் எரிச்சலும் உண்டு. இது ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரியால் வருவது. பாரிஸில் 1836-இல் ஆல்ஃபிரெட் டோனே என்ற மருத்துவர் இதை மைக்ராஸ்கோப்பில் முதலில் கண்டு விவரித்தார். இன்றும் அதேபோலத்தான் தேடுகிறார்கள். உப்புநீர்ச் சொட்டில் துள்ளித் துள்ளி நகரும். எடுத்த மாதிரியை உடனே பார்க்க வேண்டும். பத்து இருபது நிமிடம் தாமதித்தால் அது குளிர்ந்து அசைவை நிறுத்திவிடும், பிறகு சாதாரண வெள்ளையணுவிலிருந்து பிரித்தறிவது கடினம். லேபுக்கு மாதிரியை ஆட்டோவில் அனுப்பி மாலையில் "நெகட்டிவ்" என்று ரிப்போர்ட் வாங்குவதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான்.

இது உறவின் மூலம் பரவும் நோய். மருந்து அதே மெட்ரோனிடசோல், ஆனால் இங்கே கணவருக்கும் சேர்த்துக் கொடுப்பதில் இரண்டாவது பேச்சே இல்லை. பெரும்பாலான ஆண்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பெண்ணின் உடலிலும் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், ஓசையின்றித் தங்கியிருக்கும். ஆகவே இன்று கண்டுபிடிக்கப்பட்டது நேற்று வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து வீட்டில் யாரும் யார்மேலும் பழி போட முடியாது. இருவரும் மருந்தை முடித்து அறிகுறிகள் போகும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்பி வரும்.

இந்த மூன்றும் கலந்தும் வரும். அதனால்தான் மைக்ராஸ்கோப் இல்லாத இடங்களுக்கென்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் இயங்கும் சுகவாழ்வு மையங்களில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் நிறம் பிரித்த மருந்துப் பைகள் இலவசமாகத் தரப்படுகின்றன. வெள்ளைப்படுதலுக்குப் பச்சைப் பை. உள்ளே செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். முதலாவது பாக்டீரியல் வஜைனோசிஸையும் ட்ரைக்கோமோனாஸையும் பார்த்துக்கொள்ளும், இரண்டாவது பூஞ்சையை. கடைக்காரர் கொடுக்கும் கிட்டிலும் ஏறத்தாழ இதே மருந்துகள், கூடவே அஸித்ரோமைசின். பிறகு கடைக் கிட்டை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். சுகவாழ்வு மையத்தில் பை கொடுப்பதற்கு முன் ஸ்பெகுலம் வைத்துக் கருப்பை வாயைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அங்கே சீழ் தெரிந்தால் பை மாறும். அது கொனோரியா, கிளமிடியா போன்ற தொற்றாக இருக்கலாம், அதற்குச் சாம்பல் நிறப் பை. அடிவயிற்று வலியும் சேர்ந்திருந்தால் மஞ்சள் பை, இரண்டு வாரச் சிகிச்சை. கடைக் கவுண்டரில் யாரும் கருப்பை வாயைப் பார்ப்பதில்லை. கிளமிடியா கவனிக்கப்படாமல் கருக்குழாய்க்கு ஏறினால், பின்னால் அது குழந்தையின்மையில் போய் நிற்கலாம்.

கடைக்கும் போகாமல், பச்சைப் பைக்கும் காத்திராமல், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய சில நிலைகள் உண்டு. காய்ச்சலோடும் அடிவயிற்று வலியோடும் வரும் வெள்ளைப்படுதல். பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பின் நாற்றமடிக்கும் போக்கு. கர்ப்பத்தில் தண்ணீராக வடிவது, அது வெள்ளைப்படுதல் அல்ல, பனிக்குடம் உடைந்ததாக இருக்கலாம். சிறுமிக்கு நாற்றத்துடன் வந்தால் உள்ளே ஏதாவது பொருள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், யாரேனும் தவறாக நடந்துகொண்டார்களா என்றும் மென்மையாக விசாரிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரத்தம் கலந்தோ பழுப்பாகவோ துர்நாற்றத்துடன் வடிவதும், உறவுக்குப் பிறகு இரத்தம் தெரிவதும். இவை கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். "இந்த வயசுல இதைப் போய் யார்கிட்ட சொல்றது" என்று பாட்டிமார் மறைத்து வைப்பது இதைத்தான். வீட்டிலுள்ள மகளோ மருமகளோ துணியில் கறை பார்த்தால் கேட்டுவிட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்றைச் சொல்லுங்கள்: வாடை எப்போது கூடுகிறது, அரிப்பு உண்டா இல்லையா, துணியில் ஈரமாக இருக்கும்போது என்ன நிறம். இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் சர்க்கரை மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே எந்தக் களிம்பும் வைக்காதீர்கள், உறவைத் தவிருங்கள், உள்ளே கழுவாதீர்கள். மாதவிடாய் நாளாக இருந்தால், காய்ச்சலும் வலியும் இல்லாதபட்சத்தில் தள்ளிப்போடுங்கள். இல்லையென்றால் பிஎச் தாள் தவறான கணக்கைக் காட்டும், சரியான மருந்து மறுபடியும் கைநழுவும்.